வீட்டுச் செலவில் சாப்பாட்டுப் பங்கு: பின்ன மாடல் போடுவதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வீடு வீடாகப் போய்ச் செலவுக் கணக்கு எடுத்து வந்திருக்கிறீர்கள். மாதச் செலவில் சாப்பாட்டுக்கு எத்தனை பங்கு போகிறது, வசதி கூடக் கூட அந்தப் பங்கு எப்படி இறங்குகிறது என்பதுதான் கேள்வி. பங்கு என்பதால் விடை 0-க்குக் கீழேயும் போகாது, 1-க்கு மேலேயும் போகாது. இதற்கென்றே உள்ளது ஃபிராக்‌ஷனல் ரெஸ்பான்ஸ் மாடல். இனி இதைப் பின்ன மாடல் என்றே சொல்வோம்.

கணினியில் மாடல் ஓட அரை நிமிடம் போதும். புதிதாகச் செய்பவர்கள் தடுக்கி விழுவது அதற்கு முன்னும் பின்னும்தான், அதாவது பங்கைக் கணக்கிடும்போதும் கெழுவைப் படிக்கும்போதும். அதனால் இங்கே அந்த இரண்டு இடங்களில்தான் அதிக நேரம் நிற்கிறோம்.

## 1. கையில் இருக்க வேண்டியவை

ஒரு வீட்டுக்கு ஒரு வரி என்று அமைந்த தரவு வேண்டும். அதில் சாப்பாட்டுச் செலவு, மொத்த நுகர்வுச் செலவு, ஆள் எண்ணிக்கை, குழந்தைகள் எண்ணிக்கை, ஊரா நகரமா என்ற குறி, கிராமத்தின் பெயர் ஆகியவை இருக்கட்டும். கிராமத்தின் பெயரை மாடலில் போடப் போவதில்லை என்றாலும் விட்டுவிடாதீர்கள். 6-ஆம் படியில் அது இல்லாமல் நகர முடியாது.

இன்னொன்றையும் கேள்வித்தாளிலேயே சேர்த்துவிடுங்கள்: கடந்த 12 மாத வருமானம். அது எதற்கு என்பது கடைசிப் படியில் தெரியும். தரவு எடுத்து முடித்த பிறகு அதற்காகத் திரும்பவும் படியேற முடியாது.

## 2. கூரையை எண்ணாதீர்கள், உலையை எண்ணுங்கள்

குடும்பம் என்றால் ஒன்றாக வாழ்ந்து ஒரே சமையலில் சாப்பிடுபவர்கள். தேசிய மாதிரி ஆய்வுகளும் இந்த வரையறையைத்தான் பின்பற்றுகின்றன. வேறு ஊர்களில் இது சாதாரணமாகக் கடந்துபோகும் விஷயம். செட்டிநாட்டில் அப்படியில்லை.

ஒரு வளவு வீட்டுக்குள் இரண்டு மூன்று புள்ளிகள், அதாவது தனிக் கணக்குள்ள குடும்பங்கள், இருக்கலாம். மகனுக்குக் கல்யாணமானதும் வேறு வைக்கும் வழக்கத்தில் கூரை ஒன்றாகவே இருக்கும், ஆனால் சமையலும் கணக்கும் தனித்தனி. கதவு எண் ஒன்றுதானே என்று இவர்களை ஒரே வரியில் போட்டால் ஆள் எண்ணிக்கை, செலவு, பங்கு எல்லாமே கலங்கிவிடும். "இந்த வீட்டில் எத்தனை பேர்?" என்று கேட்பதற்கு முன்னால் "எத்தனை உலை வைக்கிறீர்கள், ஆச்சி?" என்று கேட்டுவிடுங்கள்.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. பெரிய வீட்டைப் பார்த்துக்கொள்ளும் காவல்காரர் தனி வீட்டில் குடியிருக்கிறார், ஆனால் மூன்று வேளையும் முதலாளி வீட்டுச் சமையல். சமைத்துப் போடும் குடும்பத்தின் கணக்கில்தான் அந்தச் சாப்பாடு ஏறும். ஆகவே காவல்காரரின் சாப்பாட்டுப் பங்கு 0. இது விடுபட்ட பதில் அல்ல, உண்மையான பூஜ்யம். வெற்றிடமாக விட்டீர்களானால் கணினி அந்த ஆளையே தூக்கிப் போட்டுவிடும்.

## 3. தொகுதியும் பகுதியும்: எல்லாவற்றையும் 30 நாளுக்குக் கொண்டு வாருங்கள்

பங்கில் மேலே நிற்கும் சாப்பாட்டுச் செலவு தொகுதி, கீழே நிற்கும் மொத்த நுகர்வுச் செலவு பகுதி. காய்கறி, மீன், கறி, எண்ணெய், மசாலாச் சாமான் ஆகியவற்றைக் கடந்த 7 நாளுக்குக் கேட்பது வழக்கம். அரிசி, பருப்பு, பால், மின்கட்டணம், கேஸ் போன்றவற்றுக்கு 30 நாள். துணிமணி, பள்ளிக் கட்டணம், ஆஸ்பத்திரியில் சேர்ந்த செலவு, பீரோ, கட்டில் மாதிரியானவற்றுக்கு 365 நாள். நினைவு தவறாமல் இருப்பதற்காகத்தான் இப்படி மூன்று காலக் கெடுவாகப் பிரித்துக் கேட்கிறோம். கூட்டும் முன் மூன்றையும் ஒரே கெடுவுக்கு மாற்றியாக வேண்டும்.

ஒரு வீட்டைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. 7 நாள் சாமான் ரூ. 1,120. அதை 30/7-ஆல் பெருக்கினால் ரூ. 4,800. 30 நாள் மளிகையும் பாலும் ரூ. 3,400. ரேஷனில் இலவசமாக வந்த 20 கிலோ அரிசியைக் கிலோ ரூ. 20 என்று மதிப்பிட்டால் ரூ. 400. ஆகச் சாப்பாடு ரூ. 8,600.

மற்றச் செலவில் 30 நாள் கணக்கு ரூ. 4,900. வருடக் கணக்கு ரூ. 76,650. இதை 30/365-ஆல் பெருக்கினால் ரூ. 6,300. மொத்தம் ரூ. 19,800. பங்கு 8,600 / 19,800 = 0.434.

மாற்ற மறந்தால் என்ன ஆகும் என்பதையும் பாருங்கள். 7 நாள் தொகையை அப்படியே கூட்டினால் பங்கு 0.305. பார்வைக்கு நம்பும்படியாக இருப்பதால் இந்தப் பிழை கண்ணில் படாமலே போய்விடும். வருடத் தொகையை மாற்றாமல் கூட்டினால் 0.095. இது உடனே உறுத்தும். அகில இந்திய அளவில் 2022-23 நுகர்வுச் செலவு ஆய்வில் சாப்பாட்டுப் பங்கு கிராமங்களில் சுமார் 46 விழுக்காடு, நகரங்களில் சுமார் 39 விழுக்காடு. உங்கள் சராசரி இதிலிருந்து வெகுதூரம் விலகி நின்றால் மாடலைத் தொடாதீர்கள், முதலில் கூட்டலைப் பாருங்கள்.

ரேஷன் அரிசிக்கு விலை போடுவதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. போடாவிட்டால் மேலே சொன்ன வீட்டின் பங்கு 0.423 ஆகும். எந்த முடிவானாலும் எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். மதிப்புப் போட்டால் தொகுதியிலும் பகுதியிலும் சேர்த்தே போட வேண்டும். தொகுதியில் மட்டும் ஏற்றிவிட்டுப் பகுதியில் விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. கண்மாய்ப் பாசனத்தில் விளைந்து வீட்டுக்கு வந்த சொந்த நெல்லுக்கும் இதே விதிதான்.

பகுதியில் சேரவே கூடாதவையும் உண்டு. மொய் வைத்தது, பெண்ணுக்குச் சீர் செய்தது, ஏலச்சீட்டுத் தவணை, கடன் வட்டி எதுவும் நுகர்வு அல்ல. இந்த வட்டாரத்தில் ஒரு கல்யாண சீசனில் மொய் மட்டுமே மளிகைக் கணக்கைத் தாண்டிவிடும். அதைச் சேர்த்தால் பங்கு பொய்யாக இறங்கும்.

பண்டிகை வாரத்தில் 7 நாள் கேள்வியைக் கேட்காதீர்கள். பொங்கல் வாரத்துச் செலவை 30/7-ஆல் பெருக்குவது மாதத்துக்கு நாலு பொங்கல் கொண்டாடியதாகக் கணக்கு எழுதுவதுதான். நாட்டரசன்கோட்டைப் பக்கம் போகிறீர்கள் என்றால் செவ்வாய்ப் பொங்கலும் கழியட்டும்.

## 4. பங்கைக் கண்ணால் பார்ப்பது

ஹிஸ்டோகிராம் போடுங்கள். 0 எத்தனை, 1 எத்தனை, 0.1-க்குக் கீழே எத்தனை, 0.8-க்கு மேலே எத்தனை என்று எண்ணுங்கள். ஓரத்தில் நிற்கும் ஒவ்வொரு வீட்டின் கேள்வித்தாளையும் திரும்ப எடுத்துப் பாருங்கள். 1-ஐத் தாண்டிய பங்கு வந்தால் அது கூட்டல் பிழை, வேறு விளக்கமே கிடையாது.

இங்கே மூன்று குறுக்கு வழிகள் கைக்கு வரும். எதையும் எடுக்காதீர்கள்.

முதலாவது, பங்கை log(s/(1−s)) என்று மாற்றிச் சாதாரண ரெக்ரஷன் போடுவது. 0 வந்தால் இது உடைந்துவிடும். உடனே 0-க்குப் பதில் 0.001 வைப்பார்கள். அப்போது மதிப்பு −6.9. 0.0001 வைத்தால் −9.2. உங்கள் விருப்பத்துக்கு வைத்த ஒரு எண் முடிவையே ஆட்டிவைக்கும். இரண்டாவது, பூஜ்யங்களை நீக்கிவிடுவது. காவல்காரர்கள் அத்தனை பேரும் ஆய்விலிருந்து வெளியே போய்விடுவார்கள். மூன்றாவது, டோபிட். அது 0-க்குக் கீழே ஏதோ ஒளிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளும் மாடல். மறைந்திருக்கும் எதிர்மறைச் சாப்பாட்டுப் பங்கு என்று ஒன்று கிடையாது. பீட்டா ரெக்ரஷனும் 0, 1 இரண்டையும் ஏற்காது.

நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எல்லா வீட்டுப் பங்கும் 0.3-க்கும் 0.6-க்கும் நடுவே இருந்தால் சாதாரண நேர்கோட்டு ரெக்ரஷன் தரும் சராசரி விளைவும் பின்ன மாடல் தருவதும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். வித்தியாசம் ஓரங்களில்தான் தெரியும். சாப்பாட்டை இன்னும் உடைத்து, மெஸ்ஸில் சாப்பிட்ட செலவின் பங்கு என்று பார்க்கும்போது பாதி வீடுகள் 0-வில் நிற்கலாம். அங்கே நேர்கோடு எதிர்மறைப் பங்கைக் கணித்துத் தரும், பின்ன மாடல் தராது.

## 5. மாடலைப் போடுவது

பங்கின் சராசரியை மட்டும் ஒரு லாஜிட் வளைவாக வைக்கிறோம்: E(s|x) = exp(xb) / (1 + exp(xb)). இதில் s பங்கு, x வீட்டைப் பற்றிய விவரங்கள், b அவற்றின் கெழுக்கள். இந்தச் சராசரி வடிவம் சரியாக இருந்தால் போதும், பங்கு எந்தப் பரவலில் வருகிறது என்பது தெரியாமலே கெழுக்கள் சரியாக வரும். பேப்கேயும் வூல்ட்ரிட்ஜும் 1996-இல் காட்டியது இதைத்தான். 0, 1 இரண்டும் சாதாரண மதிப்புகளாகவே உள்ளே போகும்.

மொத்தச் செலவை அப்படியே போடாமல் தலைக்குச் செலவின் லாக் எடுத்துப் போடுங்கள். செலவு ரூ. 3,000-லிருந்து ரூ. 4,000 ஆவதும் ரூ. 30,000-லிருந்து ரூ. 31,000 ஆவதும் ஒன்றல்ல. ஆர் மென்பொருளில்:

```r
d <- na.omit(d)
d$s    <- d$food / d$total
d$lnpc <- log(d$total / d$size)
d$town <- factor(d$town)
m <- glm(s ~ lnpc + size + kids + town,
         family = quasibinomial(link = "logit"), data = d)
```

முதல் வரி முக்கியம். விடுபட்ட பதில் உள்ள வரிகளை இங்கேயே நீக்காவிட்டால் 8-ஆம் படியில் நீளம் பொருந்தவில்லை என்று மென்பொருள் சண்டை போடும். உண்மையான பூஜ்யங்களை 0 என்று எழுதியிருக்கிறீர்களா என்பதை இந்த வரியை ஓட்டும் முன் உறுதி செய்துகொள்ளுங்கள்.

`quasibinomial` என்பதற்குப் பதில் `binomial` என்று எழுதினால் `non-integer #successes in a binomial glm!` என்ற எச்சரிக்கை வரும். கெழுக்கள் மாறாது, பயப்பட வேண்டாம். பங்கை 43.4 என்று விழுக்காட்டில் வைத்திருந்தால் எச்சரிக்கையோடு நிற்காது, மாடலே ஓடாது. 100-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

## 6. திட்டப்பிழையை அப்படியே எடுக்கக் கூடாது

`summary(m)` தரும் திட்டப்பிழையைப் பயன்படுத்தாதீர்கள். பங்கின் மாறுபாடு s(1−s)-க்கு ஒரே விகிதத்தில் இருக்கும் என்று அது நம்புகிறது. அதற்கு உத்தரவாதம் இல்லை. மேலும், ஒரே கிராமத்து வீடுகள் ஒரே சந்தையில், ஒரே விலையில் வாங்குகின்றன. பள்ளத்தூரில் எடுத்த 20 வீடுகள் 20 தனித்தனிச் செய்திகள் ஆகிவிடாது. ஆகவே கிராமவாரியாகத் தொகுத்த சாண்ட்விச் திட்டப்பிழைதான் வேண்டும்:

```r
library(sandwich); library(lmtest)
V <- vcovCL(m, cluster = ~ village)
coeftest(m, vcov = V)
```

ஸ்டாட்டாவில் மாடலும் திட்டப்பிழையும் ஒரே வரி, இரண்டாவது வரி 7-ஆம் படியில் வரும் சராசரி விளைவுக்கு:

```stata
fracreg logit s lnpc size kids i.town, vce(cluster village)
margins, dydx(*)
```

கிராமங்கள் எட்டோ பத்தோதான் என்றால் இந்தத் திட்டப்பிழை உண்மையைவிடச் சிறியதாக வரும், இல்லாத தொடர்பெல்லாம் இருப்பதுபோல் தெரியும். இதைக் கணினியில் முழுமையாகச் சரிசெய்ய முடியாது. களத்துக்குப் போகும் முன்பே 10 ஊரில் 30 வீடு என்பதை 30 ஊரில் 10 வீடு என்று மாற்றிக்கொள்வதுதான் நல்ல வழி. பஸ் செலவு கூடும், என்ன செய்வது.

## 7. கெழுவை ரூபாயாக மாற்றிப் படிப்பது

`lnpc`-யின் கெழு −0.60 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். செலவு கூடினால் சாப்பாட்டுப் பங்கு 60 புள்ளி குறையும் என்று எழுதிவிடுவார்கள். அது தவறு. இந்த எண் லாஜிட் அளவுகோலில் இருக்கிறது. பங்கின் அளவுக்குக் கொண்டுவர s(1−s)-ஆல் பெருக்க வேண்டும். s வீட்டுக்கு வீடு மாறுவதால் விளைவும் மாறும்.

ஆள் எண்ணிக்கை மாறாமல் மொத்தச் செலவு மட்டும் 10 விழுக்காடு கூடும் மூன்று வீடுகளைப் பார்ப்போம். லாக் செலவு 0.0953 கூடுகிறது, ஆகவே xb 0.0572 குறைகிறது.

மாதம் ரூ. 10,000 செலவழிக்கும் வீட்டில் பங்கு 0.65 என்றால் அது 0.637 ஆகிறது. சாப்பாட்டுச் செலவு ரூ. 6,500-லிருந்து சுமார் ரூ. 7,005. ரூ. 20,000 வீட்டில் 0.45 என்பது 0.436 ஆகிறது, ரூ. 9,000 சுமார் ரூ. 9,590 ஆகிறது. ரூ. 50,000 வீட்டில் 0.25 என்பது 0.239, ரூ. 12,500 சுமார் ரூ. 13,170.

மூன்று வீட்டிலும் பங்கு இறங்குகிறது, ரூபாய் ஏறுகிறது. பங்கு குறைகிறது என்பதைச் சாப்பாட்டைக் குறைத்துவிட்டார்கள் என்று அறிக்கையில் எழுதுவது இந்த வேலையில் மிகவும் சாதாரணமாக நடக்கும் பிழை. சாப்பாட்டுச் செலவு எத்தனை விழுக்காடு கூடும் என்பதற்கு 1 + b(1−s) என்ற நெகிழ்ச்சியைக் கணக்கிடுங்கள். மேலே உள்ள வீடுகளுக்கு அது முறையே 0.79, 0.67, 0.55. மொத்தச் செலவு கூடும்போது ஏழை வீட்டில் சாப்பாட்டுச் செலவு வேகமாகக் கூடுகிறது, வசதி கூடக் கூட அந்த வேகம் குறைகிறது என்பதை இந்த மூன்று எண்களும் சொல்லிவிடும். ஒரே ஒரு கெழு அதைச் சொல்லாது.

எல்லா வீட்டுக்கும் சேர்த்துச் சராசரி விளைவு வேண்டுமென்றால் ஒவ்வொரு வீட்டுக்கும் கணக்கிட்டு, பிறகு சராசரி எடுக்க வேண்டும்:

```r
library(marginaleffects)
avg_slopes(m, vcov = V)
```

`town`-ஐ `factor` ஆக்கியது இதற்காகத்தான். அப்போதுதான் நகரத்துக்கும் கிராமத்துக்கும் உள்ள நேரடி வித்தியாசம் கிடைக்கும்.

## 8. வளைவு பொருந்துகிறதா

கெழுக்கள் சரியாக வருவது சராசரியின் வடிவம் சரியாக இருந்தால் மட்டுமே என்று பார்த்தோம். அதைச் சோதிக்க ரீசெட் சோதனை போதும். கணித்த xb-யின் வர்க்கத்தையும் கனத்தையும் மாடலில் சேர்த்து, இரண்டும் சேர்ந்து ஏதாவது சொல்கின்றனவா என்று பாருங்கள்:

```r
d$h <- predict(m, type = "link")
m2  <- update(m, . ~ . + I(h^2) + I(h^3))
waldtest(m, m2,
         vcov = function(z) vcovCL(z, cluster = ~ village))
```

p மதிப்பு 0.05-க்குக் கீழே வந்தால் லாஜிட்டை விட்டுப் பிராபிட்டுக்கு ஓடாதீர்கள். இரண்டு வளைவும் நடுப்பகுதியில் ஒன்றுபோலத்தான் இருக்கும். பெரும்பாலும் `lnpc`-யின் வர்க்கம்தான் விடுபட்டிருக்கும். மிக ஏழை வீடுகளில் செலவு கொஞ்சம் கூடினால் பங்கு இறங்காமல் அப்படியே நிற்கலாம். கூடுதல் பணம் கஞ்சியிலிருந்து மீனுக்குப் போகும். அந்த வளைவை வர்க்கம் பிடித்துக்கொள்ளும். அதைச் சேர்த்தபின் 7-ஆம் படியின் நெகிழ்ச்சிச் சூத்திரத்தில் b-க்குப் பதில் b₁ + 2b₂·lnpc வர வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

## 9. பகுதியே இரண்டு பக்கமும் நிற்கும் சிக்கல்

மொத்தச் செலவு இந்த மாடலில் இரண்டு இடத்தில் இருக்கிறது. இடது பக்கம் பங்கின் பகுதியாகவும் வலது பக்கம் `lnpc`-யாகவும். ஒரு வீட்டில் ஆஸ்பத்திரிச் செலவைச் சொல்ல மறந்துவிட்டார்கள் என்றால் மொத்தம் குறைகிறது, அதே நொடியில் பங்கு கூடுகிறது. உண்மையில் தொடர்பே இல்லாவிட்டாலும் செலவு குறைந்தால் பங்கு கூடும் என்று மாடல் சொல்லும். சாப்பாட்டில் எதையாவது மறந்தால் இழுப்பு எதிர்ப்பக்கம் போகும். எது அதிகம் என்று தரவை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது.

இதற்குத்தான் வருமானம். செலவோடு தொடர்புள்ள, ஆனால் செலவைச் சொல்வதில் வரும் மறதியோடு தொடர்பில்லாத ஒரு துணை மாறி வேண்டும். முதலில் செலவை வருமானத்தை வைத்துக் கணித்து, மிச்சத்தை எடுத்து இரண்டாவது மாடலில் கூடவே போடுகிறோம். இங்கே பிராபிட் வடிவம்தான் ஒத்துப்போகும்:

```r
r1  <- lm(lnpc ~ log(income) + size + kids + town, data = d)
d$v <- resid(r1)
m3  <- glm(s ~ lnpc + v + size + kids + town,
           family = quasibinomial(link = "probit"), data = d)
```

`v`-யின் கெழு 0-விலிருந்து தெளிவாக விலகி நின்றால் சிக்கல் உண்மையில் இருக்கிறது, `m3`-ஐயே வைத்துக்கொள்ளுங்கள். பிராபிட் கெழு லாஜிட்டைவிடச் சிறியதாகத்தான் வரும். இரண்டையும் நேராக ஒப்பிடாமல் சராசரி விளைவுகளை ஒப்பிடுங்கள். 7-ஆம் படியின் நெகிழ்ச்சிச் சூத்திரமும் லாஜிட்டுக்கு மட்டுமே உரியது.

வருமானம் கேட்டால் சொல்ல மாட்டார்கள், வீட்டு மதிப்பை வைத்துக்கொள்ளலாமா என்ற யோசனை இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் வரும். வேண்டாம். தேக்குத் தூணும் ஆத்தங்குடிக் கல்லும் பதித்த வீடு பத்துப் பங்காளிகளுக்குப் பொதுவாக இருக்கும். அதில் குடியிருப்பவரின் இன்றைய வரவுக்கும் வீட்டு மதிப்புக்கும் சம்பந்தம் இருக்காது. போதாததற்கு ஓடு மாற்றுவதும் சுவர் பூசுவதும் செலவை வீட்டுப் பக்கம் இழுத்துச் சாப்பாட்டுப் பங்கை நேரடியாகவே குறைக்கும். துணை மாறி அப்படி நேரடியாகத் தொடக் கூடாது. மாதச் சம்பளம் உள்ளவர் எத்தனை பேர் என்பது பரவாயில்லை.

கடைசியாக, `m3`-இன் திட்டப்பிழை `v` என்பதும் கணித்த எண் என்பதை அறியாது. இரண்டு மாடலையும் ஒன்றாகக் கட்டி, கிராமங்களைத் திரும்பத் திரும்ப மாதிரி எடுத்து, 500 முறையாவது பூட்ஸ்ட்ராப் ஓட்டுங்கள். எடுக்க வேண்டியது வீடுகளை அல்ல, முழுக் கிராமங்களை. ஒவ்வொரு முறையும் `r1`-இலிருந்தே தொடங்க வேண்டும். `m3`-ஐ மட்டும் திரும்ப ஓட்டினால் பிழை பழையபடி சிறியதாகவே வரும்.